திருகோணமலையில் வருமானச் சான்றிதழும் வதிவிடச் சான்றிதழும்

"அண்ணா, மகளுக்கு யாழ்ப்பாணம் கம்பஸ் கிடைச்சிருக்கு. மகாபொல, பேசரிக்கு வருமானச் சான்றிதழும் வதிவிடச் சான்றிதழும் தேவையாம். யூடியூப்ல பார்த்தா சாதிச் சான்றிதழும் எடுக்கோணும் என்று சொல்றாங்க. அது எங்கே எடுக்கிறது? நாங்கள் மூதூர் ஆக்கள். இரண்டு வருசமா உப்புவெளியில வாடகைக்கு இருக்கிறம். வாக்கு இன்னும் மூதூரில்தான். அவர் கடல் தொழில், சொந்தப் படகு இல்லை. நான் வீட்டில தைக்கிறன். மூதூரில என்ட பேரில ஒரு ஏக்கர் வயல் குத்தகைக்குக் கொடுத்திருக்கு. எந்த ஜி.எஸ்ஸிட்ட போறது? வருமானம் என்று எதைப் போடுறது?"

தங்கச்சி, முதலில் சாதிச் சான்றிதழ் கவலையை விட்டுவிடுங்கள். நம் நாட்டில் அப்படியொரு சான்றிதழ் கிடையாது. நீங்கள் பார்த்த காணொளி தமிழ்நாட்டாருக்காகச் செய்தது. அங்கே வருமானம், சாதி, இருப்பிடம் என்று மூன்று சான்றிதழ்களை ஒன்றாகச் சொல்வார்கள். கல்லூரி இடத்திலும் அரசு வேலையிலும் 69 சதவீதம் சமூகவாரியாக ஒதுக்கப்பட்டிருப்பதால், இன்னார் இன்ன பிரிவு என்று அரசே எழுதித் தரவேண்டியிருக்கிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று போய்த் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். அந்தச் சொற்களையும் அந்த வழியையும் வைத்துக்கொண்டு நம் பிரதேச செயலகத்தில் கேட்டால், எதிரில் இருப்பவருக்கு நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்றே விளங்காது.

இங்கே அந்த இடத்தில் நிற்பது மாவட்டம். பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 சதவீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரிக்கப்படும். மீதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். அந்தப் 16இல் திருகோணமலையும் ஒன்று. ஒருவர் எந்த மாவட்டத்துப் பிள்ளை என்பதற்கு முதலில் பார்க்கப்படுவது அவர் படித்த பாடசாலை எங்கே இருக்கிறது என்பதைத்தான். உங்கள் மகளுக்கு அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. இனம் என்ற விபரம் பிறப்புச் சான்றிதழில் இருக்கும், அதற்காகத் தனியாக எதுவும் எடுக்க வேண்டியதில்லை. கிராம உத்தியோகத்தர் தரும் சான்றிதழில் சமயம் கேட்கப்படும், சாதிக்கு அதில் இடமே இல்லை. யாராவது தரகர் 'சாதிச் சான்றிதழ் எடுத்துத் தாறன்' என்று காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

ஆக, மகாபொல, பேசரி உதவிப்பணத்துக்கு உங்களுக்குத் தேவை இரண்டு கடதாசிகள். பிரதேச செயலகம் ஒன்றில் இந்த மேசையில் பல வருடம் இருந்தவன் என்பதால், எங்கே தடங்கல் வரும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

வதிவிடச் சான்றிதழிலிருந்து தொடங்குவோம். அதன் முழுப்பெயர் வதிவிடமும் நற்சான்றும் பற்றி கிராம உத்தியோகத்தர் வழங்கும் சான்றிதழ். ஒரே தாளில் இரண்டு விடயம் இருக்கிறது. நீங்கள் இந்தப் பிரிவில் வசிக்கிறீர்கள் என்பது ஒன்று, உங்கள் நடத்தை பற்றி அவர் அறிந்தது மற்றது. படிவத்தில் பெயர், விலாசம், வயது, தொழில், அடையாள அட்டை இலக்கம், தகப்பனின் பெயரும் விலாசமும், ஊரில் எவ்வளவு காலம் இருக்கிறீர்கள், வாக்காளர் இடாப்பில் எந்த இலக்கம், நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரா, விண்ணப்பதாரரைக் கிராம உத்தியோகத்தர் நேரடியாக அறிவாரா, அறிந்தால் எப்போதிருந்து என்பதெல்லாம் இருக்கும். என்ன தேவைக்காக என்றும் ஒரு வரி இருக்கும். அவர் எழுதிக் கையொப்பம் வைத்த பிறகு பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கவேண்டும். அந்த மேலொப்பத் திகதியிலிருந்து 6 மாதத்துக்குத்தான் அது செல்லும். ஆகவே 'எதற்கும் இருக்கட்டும்' என்று இப்போதே நாலைந்து எடுத்து வைக்காதீர்கள்.

எந்த ஜி.எஸ், அதாவது எந்தக் கிராம உத்தியோகத்தர், என்ற கேள்விக்கு விடை, நீங்கள் இப்போது படுத்தெழும்பும் வீடு எந்தப் பிரிவில் இருக்கிறதோ அந்தப் பிரிவின் ஜி.எஸ். அதாவது உப்புவெளி. அது திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தின் கீழ் வருகிறது. மூதூர் ஜி.எஸ் உங்களைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவராக இருப்பார், 'பிள்ளை, நான் எழுதித் தாறன்' என்றும் சொல்வார். அந்த அன்பை வாங்கிக்கொள்ளுங்கள், வதிவிடச் சான்றிதழை வாங்காதீர்கள். இரண்டு வருடமாக அங்கே இல்லாத ஒருவர் அங்கே வசிப்பதாக எழுதுவது அவருக்கும் பிழை, உங்களுக்கும் பிழை. அதைவிட நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. பல்கலைக்கழகப் பதிவில் உப்புவெளி விலாசம் இருக்கும். வதிவிடச் சான்றிதழில் மூதூர் இருக்கும். வருமானச் சான்றிதழ் வேறொரு செயலகத்திலிருந்து வந்திருக்கும். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் எழுதுவினைஞர் கோவையை ஒதுக்கி வைத்துவிடுவார். விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்போது மாதம் ஓடியிருக்கும்.

ஆனால் உப்புவெளி ஜி.எஸ்ஸுக்கு உங்களை அவ்வளவு தெரியாது. இங்கே வந்தவுடன் அவரிடம் போய் உங்கள் குடும்பத்தைப் பதிந்தீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. வாடகைக்கு வரும் பெரும்பாலானோர் அதைச் செய்வதில்லை. வீட்டுக்காரருடைய குடும்ப விபரம்தான் அவருடைய பதிவேட்டில் இருக்கும். பதியவில்லை என்றால் முதல் வேலை அதுதான். போகும்போது எல்லோருடைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களின் பிரதி, வாடகை ஒப்பந்தம், மகள் இங்கே படித்த பாடசாலையின் கடிதம், மூதூர் ஜி.எஸ்ஸிடமிருந்து ஒரு கடிதம் ஆகியவற்றைக் கொண்டு போங்கள். அந்தக் கடிதத்தில் 'இக்குடும்பம் முன்பு எனது பிரிவில் வசித்தது, இன்ன காலத்திலிருந்து இங்கில்லை, வாக்காளர் இடாப்பு விபரம் இது' என்று இருந்தால் போதும். எழுத்திலான வாடகை ஒப்பந்தம் இல்லையென்றால் வீட்டுக்காரரை நேரில் கூட்டிக்கொண்டு போவது நல்லது. மின்சாரப் பட்டியல் அவர் பெயரில் இருப்பது பிரச்சினையில்லை, அவர் வந்து 'என் வீட்டில்தான் இருக்கிறார்கள்' என்று சொன்னால் விடயம் முடிந்துவிடும்.

வாக்காளர் விபரத்துக்கான இடத்தில் மூதூர் இலக்கத்தையே எழுதச் சொல்லுங்கள், வெறுமையாக விடவேண்டாம். வசிக்கும் இடம் ஒன்று, வாக்கு இன்னோரிடம் என்பது குற்றமில்லை. அது உள்ளபடி எழுதப்பட்டிருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெயர் இடாப்பில் இருக்கிறதா என்பதை elections.gov.lk தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். அடுத்த முறை இடாப்புத் திருத்தத்துக்கு ஜி.எஸ் வரும்போது உப்புவெளிக்கு மாற்றிவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்து, முதலாம் ஆண்டுக்குச் சேர்க்கும் யோசனை இருந்தால் இது கட்டாயம். பாடசாலை அனுமதியில் அந்த வீட்டு விலாசத்தில் எத்தனை வருடம் வாக்காளராக இருந்தீர்கள் என்பதற்கும் புள்ளி விழும். அங்கே ஜி.எஸ்ஸின் சான்றிதழ் மட்டும் காப்பாற்றாது.

இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு இதே படிவத்தில் வேறொரு வரி தடையாகும். இலங்கைப் பிரசை என்பது வம்சாவளியாலா பதிவினாலா, பதிவென்றால் அதன் விபரம் என்ன என்று கேட்கும் வரி அது. முகாமில் பிறந்த பிள்ளைக்கு இந்தியப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் இருந்தால், பிரசாவுரிமைப் பதிவை முதலில் முடிக்காமல் ஜி.எஸ்ஸால் அந்த வரியை நிரப்ப முடியாது. உங்களுக்கு அது பொருந்தாது, ஆனால் குச்சவெளிப் பக்கம் அப்படி அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி வருமானச் சான்றிதழ். உண்மையில் உங்கள் கேள்வியின் கனமான பாகம் இதுதான். மாதச் சம்பளக்காரருக்கு இது லேசு. வேலைத்தலத்திலிருந்து சம்பள விபரம் வாங்கி இணைத்தால் போதும். கடலுக்குப் போகிறவர், வயல் செய்கிறவர், வீட்டில் தைக்கிறவர் வந்து நிற்கும்போதுதான் பேனை நின்றுவிடும். 'வருமானம் எவ்வளவு?' என்று கேட்டால் நல்ல மாதத்தை நினைத்துக்கொண்டு ஒரு தொகை சொல்வார்கள், அல்லது பயந்துபோய் ஐயாயிரம் என்பார்கள். இரண்டுமே பிள்ளைக்குக் கெடுதல். கூட்டிச் சொன்னால் உதவிப்பணம் கிடைக்காமல் போகலாம். குறைத்துச் சொன்னால், வீட்டைப் பார்த்த ஜி.எஸ் அதை நம்பாமல் தன் மதிப்பீட்டை எழுதிவிடுவார், அது உங்கள் உண்மையான வருமானத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். அதனால் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுக்கொண்டு போங்கள். கேட்பது வருட வருமானம். தொழிலுக்கான செலவு போக மிஞ்சுவதுதான் வருமானம்.

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தொகைகள் என் கற்பனை. உங்களுடையதை அந்தந்த இடத்தில் போடுங்கள். கணவர் போகும் படகில் நல்ல வாரமொன்றில் 90,000 ரூபாய்க்கு மீன் விற்கிறது என்று வைப்போம். எண்ணெய், ஐஸ், இரை, சாப்பாடு 36,000. மிச்சம் 54,000. அதில் பாதி படகு, எஞ்சின், வலைக்காக முதலாளிக்குப் போகும். மீதி 27,000ஐ மூன்று பேர் பிரித்தால் அவருடைய பங்கு 9,000. இந்த 9,000தான் உங்கள் வீட்டு வருமானம். 90,000 என்பது படகின் விற்பனை, அதைப் படிவத்தில் எழுதிவிட்டு வந்து அழுத குடும்பங்கள் உண்டு. பங்கு முறை படகுக்குப் படகு மாறும், உங்கள் படகில் என்ன வழக்கமோ அதைப் போடுங்கள்.

நம் கரையில் வருடம் முழுக்க ஒரே மாதிரி உழைப்பு இல்லை. வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் சின்னப் படகுகள் பல நாள் கரையில்தான் கிடக்கும். ஆகவே வருடத்தின் 52 வாரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். நல்ல காலம் 30 வாரம், சராசரி 9,000 வீதம் 270,000. மந்தமான 12 வாரம், 4,000 வீதம் 48,000. தொழிலே இல்லாத 10 வாரம், வருமானம் இல்லை. கடலில் வருடத்துக்கு 318,000.

உங்கள் தையல்: மாதம் கைக்கு வருவது 18,000, நூல், பட்டன், மெசின் திருத்தம், அதற்கான மின்சாரம் 4,000, மிச்சம் 14,000. பன்னிரண்டு மாதத்துக்கு 168,000. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாடசாலைச் சீருடைக்கும் கூடுதலாக வருவது எல்லாம் சேர்த்து 20,000. ஆக 188,000. வயல் குத்தகை வருடத்துக்கு 40,000. மூன்றையும் கூட்டினால் 546,000. மாதத்துக்குச் சராசரி 45,500. இந்தத் தாளோடு போய் நிற்கும் ஒருவரிடம் ஜி.எஸ் கேட்பதற்கு அதிகம் இருக்காது. அவர் ஒரு தொகையைத் திருத்தினாலும் எந்த இடத்தில் திருத்துகிறார் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சில விடயங்களைக் கழிக்கக் கூடாது. வீட்டு வாடகை, கடன் கட்டுவது, நகை மீட்பது, மகளின் டியூசன் காசு எல்லாம் குடும்பச் செலவு, தொழிற்செலவு இல்லை. அவற்றைக் கழித்து 'மாதம் ஒன்றும் மிஞ்சாது' என்று எழுதுவது பரிதாபத்தைச் சொல்லுமே தவிர வருமானத்தைச் சொல்லாது. படிக்கும் வேறு பிள்ளைகள் இருந்தால் அதைச் சொல்ல உதவிப்பணப் படிவத்திலேயே தனி இடம் இருக்கிறது. அங்கே ஒருவர் விடாமல் எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது பெருநாளுக்கு ஒருமுறை அனுப்பும் காசு உதவி. மாதாமாதம் வங்கிக்கு வருவதென்றால் அது வருமானம், மறைக்க வேண்டாம்.

வயல் மூதூரில் இருப்பதால் உப்புவெளி ஜி.எஸ்ஸுக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. அதை எழுதாமல் விட்டால் யாருக்குத் தெரியும் என்று தோன்றும். உங்கள் பெயரிலுள்ள காணி பிறகு வேறொரு விண்ணப்பத்தில் வெளிவரும், அப்போது இந்தச் சான்றிதழின் கீழ் நீங்கள் வைத்த கையொப்பம் உங்களுக்கு எதிராக நிற்கும்; கொடுத்த உதவிப்பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வரலாம், அந்தக் கேள்வி மகளிடம்தான் போகும். 40,000 ரூபாய்க்காக அந்த ஆபத்து வேண்டாம். மூதூர் ஜி.எஸ்ஸிடம் கடிதத்துக்குப் போகும்போதே குத்தகைத் தொகையையும் அதில் எழுதச் சொல்லுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு இது ஒரு காலை வேலைதான். அதற்கு முன்பு இதே கடதாசிக்குத் துறையில் காத்துக்கிடக்க வேண்டும்.

கடல் வருமானத்துக்குச் சம்பளத் துண்டு இல்லைதான். அவர் அங்கத்தவராக உள்ள மீனவர் சங்கத்தின் கடிதம் நல்ல ஆதாரம். 'இன்னாருடைய படகில் பங்குக்குப் போகிறார், சொந்தப் படகில்லை' என்ற ஒரு வசனம் அதில் இருக்கவேண்டும். சொந்தப் படகில்லை என்று எழுதாவிட்டால் மீனவர் என்றதும் படகுக்காரர் என்று நினைத்துக் கணக்குப் போட இடமிருக்கிறது. அஸ்வெசும கிடைக்கிறதென்றால் அந்த விபரத்தையும் இணைக்கலாம். ஆனால் அஸ்வெசுமப் பட்டியலில் பெயர் இருப்பது வருமானச் சான்றிதழுக்குப் பதிலாகாது, இல்லாதிருப்பதும் இதற்குத் தடையாகாது.

விண்ணப்பிக்கும் ஒழுங்கு இப்படி. முதலில் உதவிப்பண விண்ணப்பப் படிவத்தைத் திறந்து பாருங்கள். ஜி.எஸ்ஸும் பிரதேச செயலாளரும் உறுதிப்படுத்தும் பகுதி அதிலேயே இருந்தால், தனியாக வருமானச் சான்றிதழ் எடுக்காமல் அந்தப் பகுதியையே நிரப்பிக் கொண்டு போகவேண்டும். இல்லையென்றால் பிரதேச செயலகத்தில் வருமானச் சான்றிதழ் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜி.எஸ் ஒவ்வொரு நாளும் அலுவலகத்தில் இருக்கமாட்டார். கதவில் அலுவலக நாள் எழுதியிருக்கும், பார்த்துப் போங்கள். வதிவிடமும் வருமானமும் இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் அவர் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் ஒரே தடவையில் முடியும். அவர் சிபாரிசு எழுதிய பிறகு பட்டினமும் சூழலும் செயலகத்துக்கு. அங்கே பொறுப்பான உத்தியோகத்தர் ஆவணங்களைச் சரிபார்த்துக் கையொப்பத்துக்கு அனுப்புவார். கட்டணம் என்று ஏதாவது கேட்டால் சிறாப்பரிடம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பற்றுச்சீட்டில்லாத காசு எந்த மேசையிலும் கொடுக்க வேண்டியதில்லை. நேரில் போகுமுன் விபரம் கேட்க 1919 இலக்கத்தில் தமிழில் பேசலாம்.

கையில் கிடைத்தவுடன் செயலக வாசலிலேயே நின்று வாசியுங்கள். நான் இருந்த காலத்தில் திரும்பி வந்தவற்றில் பெரும்பாலானவை சின்னச் சின்னப் பிழைகளால் வந்தவை. மகளின் பெயர் அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் உள்ளபடியே எழுத்துக்கெழுத்து இருக்கிறதா, கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும் பொருந்துகிறதா, இலக்கத்திலும் எழுத்திலும் வருமானம் ஒன்றாக இருக்கிறதா, பதவி முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வெட்டி எழுதியிருந்தால் அந்த இடத்தில் எழுதியவரின் சிறுகையொப்பம் இருக்கவேண்டும். ஒரு பையன் தகப்பனின் முதலெழுத்தை வெள்ளை மை பூசித் தானே திருத்திக் கொண்டு வந்தான். உண்மையான சான்றிதழ்தான், ஆனாலும் அதை ஏற்க வழியிருக்கவில்லை, முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் நினைவில் நிற்கிறது. பிழை கண்டால் நீங்கள் தொடவேண்டாம், உள்ளே திரும்பிப் போய்த் திருத்திக் கேளுங்கள்.

'என்ன தேவைக்காக' என்ற வரியில் 'பல்கலைக்கழக மாணவர் உதவிப்பணம்' என்று தெளிவாக எழுதியிருக்கவேண்டும். பிணை நிற்பதற்காக எடுத்த சான்றிதழையோ, கடனுக்காக எடுத்ததையோ இங்கே கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நற்சான்று என்ற சொல்லைப் பார்த்துவிட்டு இதையே வெளிநாட்டு வேலைக்கும் கொண்டு போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே கேட்பது பொலிஸ் திணைக்களம் தரும் தடையகற்றல் சான்றிதழ், அது வேறு.

உங்கள் விடயத்தில் வரிசை இது: இந்தக் கிழமை மூதூர் போய்க் கடிதம் எடுங்கள். அதே கிழமை சங்கக் கடிதத்தை உங்கள் அவர் எடுக்கட்டும். அடுத்த அலுவலக நாளில் வீட்டுக்காரரோடு உப்புவெளி ஜி.எஸ்ஸிடம் குடும்பத்தைப் பதிந்து, இரண்டு படிவத்தையும் கொடுங்கள். எல்லாம் கிடைத்ததும் தபாலில் போடுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள், இரண்டாம் வருடத்தில் புதுப்பிக்கச் சொன்னால் அந்தக் கணக்குத் தாளே உங்களுக்குத் தொடக்கமாக இருக்கும்.